வருங்கால வைப்பு நிதிப் பதிவேட்டில் என் பெயரைத் திருத்தித் தரக் கோரும் கடிதம்

அனுப்புநர்
ச. அந்தோணியம்மாள்,
க/பெ. சவரிமுத்து,
தங்கச்சிமடம், இராமேஸ்வரம் வட்டம்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
நண்டு பதனிடும் ஆலை,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.

நாள்: 10.3.2025

பொருள்: பெயர் வேறுபாட்டால் பி.எஃப். தொகை கோரும் விண்ணப்பம் திரும்பி வந்தது – ஆலைப் பதிவேட்டைத் திருத்தி, கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பமிட்டு அனுப்பித் தர வேண்டுதல்.

பார்வை: வருகை அட்டை எண் 86. யு.ஏ.என். எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் 4417. முழு எண் இணைப்பில் உள்ள பாஸ்புத்தக நகலில் உள்ளது.

மதிப்பிற்குரிய ஐயா,

1.6.2009 முதல் 31.3.2020 வரை தங்கள் ஆலையில் நண்டுச் சதை எடுக்கும் பிரிவில் வேலை பார்த்தேன். கடைசி நான்கு ஆண்டுகள் எட்டாம் மேசைக்கு மேற்பார்வை. கொரோனா ஊரடங்கில் ஆலை மூடியபோது நின்றவள், பிறகு திரும்பவில்லை. பி.எஃப். பணத்தை உடனே எடுக்காமல், வட்டி ஏறட்டும், பெண்ணின் படிப்புக்கு ஆகும் என்று விட்டுவைத்தேன். பாஸ்புத்தகக் கணக்குப்படி இன்று அதில் 1,94,380 ரூபாய் இருக்கிறது.

அந்தப் பணத்தைக் கோரி, தங்கள் அலுவலகச் சான்றொப்பத்துடன் கடந்த ஜனவரியில் விண்ணப்பித்தேன். உறுப்பினர் பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்ற காரணத்தால் பிப்ரவரி 18 அன்று விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. திருப்பிய அலுவலகத்தின் மீது எனக்குக் குறை இல்லை. அவர்கள் முன்னால் இருந்தவை இரண்டு வேறு பெண்களின் பெயர்கள்:

பி.எஃப். பதிவேட்டில்: `ANTONY AMMAL J`
ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும்: `Anthoniyammal S`

இந்த வேறுபாடு வந்த வழி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்று நாங்கள் பதினான்கு பெண்கள் அலுவலக வாசலில் வரிசையில் நின்றோம். உள்ளே நண்டு வேகும் ஆவி. வெளியே படிவம் எழுதும் அவசரம். பெயரைச் சொல்லச் சொன்னார்கள், சொன்னோம். காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்கள். எழுத்துக்கூட்டிப் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. என் தகப்பனார் பெயர் யோசேப்பு. பள்ளிச் சான்றிதழில் நான் தமிழில் யோ. அந்தோணியம்மாள், ஆங்கிலத்தில் `J. Anthoniyammal`. கல்யாணம் ஆனது 2003-இல். அதன் பிறகு எடுத்த குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார் எல்லாவற்றிலும் கணவர் பெயரின் முதலெழுத்து வந்தது. எங்கள் பக்கம் பெண்களுக்கு இது வழக்கமான கதைதான். பெயர் ஒன்றே இருக்கும், முன்னால் நிற்கும் எழுத்து மட்டும் கல்யாணத்தோடு மாறும்.

தங்கள் பதிவேட்டில் பழைய எழுத்தைப் போட்டு, பெயரை நடுவில் இரண்டாக வெட்டி, இரண்டு எழுத்துகளை விட்டு எழுதியிருக்கிறது. அதோடு நிற்கவில்லை. தந்தை அல்லது கணவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் `SAVARIMUTHU` என்று சரியாகவே எழுதிவிட்டு, உறவு என்ற கட்டத்தில் 'தந்தை' என்று குறித்திருக்கிறார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடும்பம் நடத்தும் மனிதரைப் பதிவேடு எனக்குத் தகப்பனாராக்கி வைத்திருக்கிறது. என் வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்கிறோம், பி.எஃப். அலுவலகத்தில் சிரித்துக் கடந்துவிட முடியாது.

2014-இல் யு.ஏ.என். எண் வந்தபோது இந்தப் பிழையும் அப்படியே அதில் ஏறிவிட்டது. பெயர் பொருந்தாததால் ஆதாரை இன்றுவரை இணைக்க முடியவில்லை. 1.10.2017-க்குப் பிறகு எண் பெற்று, ஆதார் சரிபார்ப்பும் முடித்தவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே இணையத்தில் திருத்திக்கொள்ளலாம் என்று இந்த ஆண்டு ஜனவரியில் விதி வந்திருக்கிறது. என் எண் அதற்கு முந்தையது, ஆதாரும் இணையாதது. எனக்கு இருப்பது ஒரே வழி: நானும் நிறுவனமும் சேர்ந்து கையொப்பமிடும் கூட்டு உறுதிமொழிப் படிவம் காகிதமாக, நிறுவனத்தின் வழியாகவே, பி.எஃப். அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம் தங்களுக்கு வருகிறது.

இது தொடர்பாக இரண்டு முறை நேரில் வந்தேன். ரயில் இன்னும் தீவுக்குள் வராததால் ஒவ்வொரு முறையும் பாலம் தாண்டி பஸ்ஸில் வந்து போவதில் ஒரு நாள் கூலி போகிறது. முதல் முறை கணக்கர் விடுப்பில் இருந்தார். இரண்டாம் முறை, பெயரை மாற்றுவதென்றால் அரசிதழில் வெளியிட்டுக் கொண்டு வா என்றார். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னார் என்றே நினைக்கிறேன். ஆனால் ஐயா, நான் பெயரை மாற்றவில்லை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர்தான் இன்றும் என் பெயர். 2009-இல் நான் கொடுத்த நியமனப் படிவத்தில் என் கையொப்பம் தமிழில் இருக்கிறது: அந்தோணியம்மாள், ஒரே சொல்லாக. அந்தப் படிவம் தங்கள் கோப்பில் இருக்கும். மேலே ஆங்கிலத்தில் எழுதியவர் கையும் கீழே தமிழில் எழுதிய என் கையும் வேறு என்பது பார்த்த உடனே தெரியும். எழுதியவர் கையில் நேர்ந்த தவறை எழுதிய இடத்தில் திருத்தச் சொல்லித்தான் கேட்கிறேன்.

நான் வேலை பார்த்த மேசையில் லம்ப் சதை டப்பாவில் நகக்கண் அளவு ஓட்டுச் சில்லு கிடந்தால் டப்பா முழுவதும் திரும்பி வரும். திரும்பி வந்த டப்பாவை நண்டிடம் அனுப்பி யாரும் சரிசெய்யச் சொன்னதில்லை. நாங்கள்தான் விளக்கின் கீழே மறுபடி கொட்டித் தேடுவோம். பதினோரு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக அந்தச் சில்லைத் தேடியவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

தாங்கள் செய்து தர வேண்டியவை. இணைத்துள்ள கூட்டு உறுதிமொழிப் படிவத்தை நான் நிரப்பிக் கையொப்பமிட்டிருக்கிறேன். அதில் நிறுவனத்தின் அதிகாரம் பெற்றவர் கையொப்பமிட்டு, முத்திரை வைத்து, ஒரு முகப்புக் கடிதத்துடன் வட்டார பி.எஃப். அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். திருத்த வேண்டியவை இரண்டு: பெயர் `Anthoniyammal S` என்றும், சவரிமுத்து என்பவரின் உறவு 'கணவர்' என்றும். ஆலையின் ஊதியப் பதிவேட்டிலும் பணியாளர் கோப்பிலும் அப்படியே திருத்திவிடுங்கள். இல்லையென்றால் அலுவலகம் பழைய பதிவைக் கேட்கும்போது மறுபடி இரண்டு பெயர் வந்து நிற்கும். நான் வேலையை விட்ட தேதி இன்னும் இணையத்தில் ஏற்றப்படவில்லை. அதையும் 31.3.2020 என்று பதிந்துவிடக் கேட்டுக்கொள்கிறேன். பெயர் சரியான பிறகு ஆதாரை நானே இணைத்துக்கொள்வேன். வங்கிக் கணக்கு விவரம் தங்கள் ஒப்புதலுக்கு வரும்போது அதைத் தாமதமின்றி ஏற்றுத் தர வேண்டும்.

இந்தப் பிழை இன்று எடுக்கும் பணத்தோடு முடிவதும் இல்லை. என் பணிக்காலம் பத்து ஆண்டுகளைத் தாண்டியதால் ஓய்வூதியப் பங்கை ரொக்கமாக எடுக்க முடியாது, அதற்குச் சான்றிதழ்தான் தருவார்கள். 58 வயதில் அந்தச் சான்றிதழோடு போய் நிற்கும்போதும் இதே `ANTONY AMMAL J` குறுக்கே வருவாள். அன்று இந்த ஆலையில் என்னை அடையாளம் சொல்ல யார் இருப்பார்கள் என்று தெரியாது. இன்று எட்டாம் மேசையில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும்.

அவசரத்தின் காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மகள் செவிலியர் படிப்பில் மூன்றாம் ஆண்டு. கட்டணம் ஏப்ரல் இறுதிக்குள் கட்ட வேண்டும். கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் வீட்டுக்கு வருவது அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம்தான். அது அரிசிக்கும் பருப்புக்கும் ஆகும், கல்லூரிக்கு ஆகாது. படிவம் தங்கள் மேசையில் தங்கும் ஒவ்வொரு வாரமும் எனக்கு அந்தக் கணக்கில்தான் போய் விழுகிறது.

இன்னொரு செய்தி, கேட்காமலே சொல்கிறேன். அன்று என்னோடு வரிசையில் நின்றவர்களில் நான் விசாரித்த வரையில் ஐந்து பேருக்கு இதே நிலைமை. வேதாளையிலிருந்து வரும் அக்கா ஒருவர் ஆதாரில் `Fathima`, தங்கள் பதிவேட்டில் `Pathima`. பாம்பனைச் சேர்ந்த ஒருவரின் ஊர்ப் பெயரே முதலெழுத்தாகிக் கிடக்கிறது. அவர்களும் ஒவ்வொருவராக விண்ணப்பம் திரும்பிய பிறகுதான் தங்களிடம் வருவார்கள். கணக்கர் ஒரு நாள் உட்கார்ந்து அந்த ஆண்டுப் படிவங்களை ஆதார் நகல்களோடு ஒப்பிட்டுவிட்டால் இரு தரப்புக்கும் அலைச்சல் குறையும்.

மார்ச் 24-ஆம் தேதிக்குள் படிவத்தை அனுப்பிவிட்டு, அனுப்பியதற்கான நகல் ஒன்றை எனக்குத் தர வேண்டுகிறேன். தபாலில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே போதும், என் எண் பணியாளர் கோப்பில் உள்ளது, மாறவில்லை. ஏதேனும் ஆவணம் குறைவாக இருந்தால் எது என்று ஒரே தடவையில் எழுத்தில் சொல்லுங்கள், கொண்டு வந்து தருகிறேன். அதற்குள் முடியாமல் போனால், மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்ட அளவில் நடக்கும் 'நிதி ஆப்கே நிகட்' குறைதீர் முகாமில் இந்தக் கடிதத்தின் நகலோடு முறையிடுவேன். மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தங்களிடம் சொல்லாமல் அங்கே போய் நிற்பது முறையாக இருக்காது என்பதால் முன்கூட்டியே தெரிவிக்கிறேன்.

இணைப்பு: நிரப்பிய கூட்டு உறுதிமொழிப் படிவம் இரண்டு பிரதிகள், ஆதார், வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, புகைப்படத்துடன் கூடிய வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், J என்ற எழுத்து S ஆனதைக் காட்டும் கோவில் திருமணப் பதிவேட்டு நகல், பி.எஃப். பாஸ்புத்தக நகல், விண்ணப்பம் திரும்பிய அறிவிப்பு. ஒவ்வொரு நகலிலும் கையொப்பமிட்டிருக்கிறேன். மூலங்களைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உடனே திருப்பித் தந்துவிடுங்கள்.

இந்தக் கடிதம் பெற்றுக்கொண்டதற்கு இரண்டாம் பிரதியில் தேதியும் முத்திரையும் இட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. அந்தோணியம்மாள்
(பதிவேட்டில் தாங்கள் தேட வேண்டிய பெயர்: `ANTONY AMMAL J`)