செப்டம்பர் 1-ல இருந்து வாடகைக்கும் ரிப்பேருக்கும் செல்வம் தம்பிகிட்ட பேசணும், எல்லாரும் ஒரு தடவ முழுசா படிங்க

எல்லாருக்கும் வணக்கம், விஜயா பேசறேன். நம்ம மடிப்பாக்கம் வீட்டுல ஆறு போர்ஷன்ல இருக்கற எல்லாருக்கும்தான் இந்த மெசேஜ். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பணம் சம்பந்தப்பட்ட விஷயம்ங்கறதால ஃபோன்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லாம எழுத்துலயே இருக்கட்டும்னு டைப் பண்றேன். நாளைக்கு ஏதாவது டவுட் வந்தா இதையே திரும்ப எடுத்துப் பாத்துக்கலாம்.

நான் செப்டம்பர் 3-ம் தேதி கோயம்புத்தூர் போறேன், பொண்ணு வீட்டுக்கு. இந்தத் தடவ பத்து நாள் இருந்துட்டு திரும்பி வரது இல்ல, அங்கயே தங்கப் போறேன். பேத்திக்கு ஒரு வயசுதான் ஆகுது, பொண்ணும் வேலைக்குப் போகணும். அவர் போனதுக்கு அப்புறம் நாலு வருஷமா நானே மேலயும் கீழயும் ஏறி இறங்கி எல்லாம் பாத்துகிட்டேன், இப்ப முட்டி வலி ரொம்ப அதிகமாயிடுச்சு. வீட்ட விக்கப் போறேன்னு யாரோ சொன்னாங்களாம், பின்பக்க கீழ் வீட்டு பாட்டி கவலையா கேட்டாங்க. விக்கல. யாரையும் காலி பண்ணவும் சொல்லல. 1998-ல அவர் செங்கல் செங்கலா நின்னு பாத்து கட்டின வீடு, அது அப்படியே இருக்கும், நீங்களும் இருங்க.

ஆனா ஊர்ல இல்லாத ஓனர வச்சுகிட்டு வாடகைக்கு இருக்கறவங்க என்ன பாடு படுவாங்கன்னு எனக்கு மே மாசம் நல்லா புரிஞ்சுது. நான் கோயம்புத்தூர்ல இருந்தப்ப மோட்டார் ஓடாம நின்னுச்சே, ஞாபகம் இருக்கும். சுவிட்ச் போட்டா உம்ம்னு சத்தம் மட்டும் வருது, சுத்தல. நான் ஃபோன்லயே ஒரு மெக்கானிக்க புடிச்சு அனுப்பினேன், அவர் காயில் கருகிடுச்சு ரீவைண்டிங் பண்ணணும், 6500 ஆகும், மூணு நாள் ஆகும்னு சொல்லிட்டுப் போயிட்டார். வெயில் காலத்துல ஆறு குடும்பம் தண்ணி இல்லாம, ரோட்டுப் பக்க கீழ் வீட்டுல கைக்குழந்தை வேற, ரெண்டாவது மாடிக்கு அந்தத் தம்பிங்க கேன் தூக்கிட்டு ஏறினாங்க. ரெண்டாவது நாள் பக்கத்துத் தெருவுல இருக்கறவங்க சொல்லி செல்வம் வந்தார். மோட்டார் மேல இருக்கற அந்த சின்ன டப்பாவ திறந்தார், கன்டென்ஸர் உப்பிப் போயி இருந்துச்சு. 350 ரூபாய்க்கு புதுசு வாங்கிட்டு வந்து மாட்டினார், இருபது நிமிஷத்துல டேங்க் ஏற ஆரம்பிச்சுது. பழைய கன்டென்ஸர தூக்கிப் போடாம ஃபோட்டோ எடுத்து கடை பில்லோட சேத்து எனக்கு அனுப்பினார், நான் கேக்கவே இல்ல. அன்னைக்கே மனசுல நினைச்சேன், இந்தப் பிள்ளைகிட்ட ஒப்படைச்சா நீங்க கஷ்டப்பட மாட்டீங்கன்னு.

செல்வம் 14 வருஷம் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட்ல சூப்பர்வைசரா இருந்தவர், இப்ப நம்ம ஏரியாவுல இன்னும் அஞ்சு வீட்ட பாத்துக்கறார். அந்த அஞ்சு வீட்டுல மூணு வீட்டு ஓனர்கிட்டயும், ஒரு வீட்டுல குடி இருக்கறவங்ககிட்டயும் நானே நேர்ல போயி விசாரிச்சேன். அவர் நம்பர இந்த மெசேஜுக்கு அடுத்து கான்டாக்டா அனுப்பறேன், 'செல்வம் வீட்டு மேனேஜர்'னு சேவ் பண்ணிக்கோங்க. நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்த லெட்டரோட ஃபோட்டோவும் வரும், அதுல அவருக்கு என்னென்ன அதிகாரம், எவ்வளவு நாளைக்குன்னு இருக்கு. 2025 செப்டம்பர் 1-ல இருந்து 2026 ஆகஸ்ட் 31 வரைக்கும் ஒரு வருஷம். மேனேஜர் வச்சா ஆள் யாரு, எதுக்கெல்லாம் வச்சிருக்கு, எத்தன நாளைக்குன்னு குடி இருக்கறவங்களுக்கு ஓனர் சொல்லியே ஆகணும்னு தமிழ்நாடு வாடகை சட்டத்துலயே இருக்கு. சட்டம் இல்லன்னாலும் உங்களுக்கு அது தெரியணும்.

அவருக்கு சம்பளம் நான் குடுக்கறேன், என் பணத்துல. உங்க வாடகைல, மெயின்டெனன்ஸ்ல அதுக்காக ஒரு ரூபா கூட ஏறாது.

இப்ப வாடகை. தேதி அதேதான், மாசம் 5-க்குள்ள. பேங்க்லயும் ஜிபேயிலயும் போடறவங்க நாலு பேரும் இத்தன நாள் போட்ட என் அக்கவுண்டுக்கே போடுங்க, அக்கவுண்ட் மாறல. போட்டதும் ஸ்க்ரீன்ஷாட்ட எனக்கு அனுப்பறதுக்கு பதிலா செல்வத்துக்கு அனுப்புங்க, போர்ஷன் நம்பரும் மாசமும் எழுதிடுங்க, அவர் கணக்குல ஏத்திப்பார். இத மட்டும் நல்லா கவனிங்க: அக்கவுண்ட் மாறிடுச்சு, இந்த புது நம்பருக்கு போடுங்கன்னு யார் சொன்னாலும், செல்வம் பேர்ல மெசேஜ் வந்தாலும், ஏன் என் பேர்லயே மெசேஜ் வந்தாலும் போடாதீங்க. எனக்கு ஃபோன் பண்ணி என் குரல கேட்டுட்டு அப்புறம் போடுங்க. இப்பல்லாம் ஏமாத்தறவங்க எப்படி எப்படியோ வராங்க.

கேஷா குடுக்கற ரெண்டு வீட்டுக்காரங்களும் செல்வம் கைல குடுக்கலாம், மாசம் 5-ம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அவரே வீட்டுக்கு வருவார். என் பேர் போட்ட ரசீது புக் அவர்கிட்ட குடுத்திருக்கேன். 5000-க்கு மேல கேஷ் குடுத்தா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி கையெழுத்து போட்ட ரசீது வாங்காம விடாதீங்க. பாட்டி, நீங்க "பரவால்ல தம்பி அப்புறம் குடு"ன்னு சொல்லிடுவீங்க, சொல்லக் கூடாது. அங்கயே நின்னு வாங்கிடணும்.

ஆபீஸ்ல ஹெச்ஆர்ஏ காட்டறவங்களுக்கு எதுவும் மாறாது. ரசீது என் பேர்லதான், வருஷத்துக்கு 1 லட்சத்துக்கு மேல வாடகை வரவங்களுக்கு கேக்கற பான் நம்பரும் என்னோடதுதான். செல்வம் பேரையோ அவர் பான் நம்பரையோ ஃபார்ம்ல எழுதிடாதீங்க.

ரிப்பேருக்கு வரேன். தண்ணி வரல, மோட்டார் ஓடல, சுவத்துல ஷாக் அடிக்குது, வயர் கருகற வாசன வருது, டிரெய்னேஜ் பொங்கி வீட்டுக்குள்ள வருது, இதுக்கெல்லாம் நேரம் காலம் பாக்க வேண்டாம், ராத்திரி ரெண்டு மணின்னாலும் செல்வத்துக்கு ஃபோன் பண்ணுங்க. மத்தபடி கதவு இறங்கிடுச்சு, பைப் கசியுது, சுவர் ஓதம் அடிக்குதுங்கற மாதிரி விஷயத்த ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க, 24 மணி நேரத்துக்குள்ள என்னைக்கு ஆள் வரும்னு பதில் சொல்லணும்னு அவர்கிட்ட பேசி வச்சிருக்கேன். 5000 வரைக்கும் என்னக் கேக்காமலே செலவு பண்ணலாம்னு குடுத்திருக்கேன், அதனால "மேடம்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்"ங்கற பேச்சு சின்ன வேலைக்கு வராது. அவசரத்துக்கு அவர் ரெண்டு மணி நேரமா ஃபோன் எடுக்கல, நானும் எடுக்கலன்னா நீங்களே ஆள கூப்பிட்டு பாத்துடுங்க, 1500 வரைக்கும் பில்ல வச்சு அடுத்த மாச வாடகைல கழிச்சுக்கோங்க.

எது என் செலவு எது உங்க செலவுன்னு முன்னாடியும் ஒரு தடவ பேச்சு வந்துச்சு. அக்ரிமென்ட்ல இருக்கறதுதான், சட்டத்துலயும் அப்படித்தான்: கட்டட வேலை, வெள்ளை அடிக்கறது, பைப் லைன் மாத்தறது, வயரிங் இதெல்லாம் என்னோடது. டேப் வாஷர், சுவிட்ச், ப்ளக் பாயின்ட், கீசர் ரிப்பேர், பூட்டு, உடைஞ்ச கண்ணாடி இதெல்லாம் குடி இருக்கறவங்களோடது. ஆனா நீங்க குடி வந்தப்பவே பழசா இருந்த சாமான் போனா நான் பாத்துக்கறேன், செல்வத்துகிட்டயும் அத சொல்லியாச்சு.

வீட்டுக்குள்ள வரது பத்தி. கேட், மோட்டார் ரூம், மொட்டை மாடி சாவிதான் செல்வம்கிட்ட இருக்கு, உங்க வீட்டு சாவி எதுவும் அவர்கிட்ட இல்ல, குடுக்கவும் மாட்டேன். உள்ள வந்து பாக்கணும்னா 24 மணி நேரம் முன்னாடி மெசேஜ் போடணும், நீங்க இருக்கற நேரத்துலதான் வரணும். மொத மாடி ரோட்டுப் பக்கம் இருக்கற ரெண்டு பொண்ணுங்களுக்கும் தனியா சொல்றேன் ம்மா, ப்ளம்பர், எலக்ட்ரீஷியன்னு யார் வந்தாலும் கூட செல்வமும் வந்து வேலை முடியற வரைக்கும் வாசல்ல நிப்பார். தனியா யாராவது வந்து "மேனேஜர் அனுப்பினார்"னு சொன்னா கதவ திறக்காதீங்க, அவருக்கு ஃபோன் போடுங்க.

வீட்டு கரண்ட் பில் அவங்கவங்க மீட்டர்படி அவங்கவங்களே கட்டறது, அதுல மாற்றம் இல்ல. காமன் மீட்டர், அதான் மோட்டாரும் படிக்கட்டு லைட்டும், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ நான் நீல நோட்டுல பிரிச்சு எழுதி ஒவ்வொரு வீட்டுக்கா சொல்லிட்டு வருவேன்ல, இனி செல்வம் மீட்டர் ரீடிங் ஃபோட்டோவும் பில்லும் குரூப்ல போட்டு ஆறா பிரிச்சு சொல்லுவார். லாரி தண்ணி வாங்கினாலும் அப்படித்தான், பில் இல்லாம காசு குடுக்க வேண்டாம். மாச மெயின்டெனன்ஸ் 500 அதே 500.

அவரால முடியாததையும் சொல்லிடறேன். வாடகை ஏத்தறதுக்கோ, காலி பண்ணச் சொல்றதுக்கோ, அக்ரிமென்ட்ல ஒரு வரி மாத்தறதுக்கோ அவருக்கு அதிகாரம் இல்ல, அது நான் மட்டும்தான் பேசுவேன். உங்க அட்வான்ஸ் என்கிட்டதான் இருக்கு, காலி பண்ணும்போது நான்தான் திருப்பித் தருவேன், அத அவர்கிட்ட மாத்தி விடல. காலி பண்றதுன்னா ரெண்டு மாச நோட்டீஸ எங்க ரெண்டு பேருக்கும் சேத்து மெசேஜா போடுங்க. பார்க்கிங், சத்தம், குப்பைன்னு உங்களுக்குள்ள ஏதாவது வந்தா மொதல்ல அவர்கிட்ட சொல்லுங்க. அவர் மேலயே ஏதாவது குறை இருந்தா தயங்காம நேரா எனக்கு ஃபோன் பண்ணுங்க, என் நம்பர் மாறல. யார் சொன்னாங்கன்னு அவருக்குத் தெரிய வராது.

செப்டம்பர்ல அவருக்கு மொத வேலையா மழைக்கு ரெடி பண்றதத்தான் குடுத்திருக்கேன். 2015-ல இந்த ஏரியா எப்படி முழுகிச்சுன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும், அப்புறம்தான் மீட்டர் போர்ட மேல தூக்கி வச்சோம். மொட்டை மாடி மழைத்தண்ணி குழாய் அடைப்பு எடுக்கறது, சம்ப் மூடி மாத்தறது, மீட்டர் போர்டு செக் பண்றது மூணும் செப்டம்பர் 20-க்குள்ள முடியும். சம்ப் கழுவற அன்னைக்கு அர நாள் தண்ணி வராது, தேதிய முன்னாடியே சொல்லுவார். மாடில செடித்தொட்டி வச்சிருக்கறவங்க அந்த குழாய் பக்கத்துல இருந்து மட்டும் தள்ளி வச்சுடுங்க, போன வருஷம் இலை போயித்தான் அடைச்சுது.

பிள்ளையார் சதுர்த்தி முடிஞ்சு வர ஞாயித்துக்கிழமை, ஆகஸ்ட் 31, காலைல பத்து மணிக்கு கீழ கார் நிறுத்தற இடத்துல செல்வத்த கூட்டிட்டு வரேன். வீட்டுக்கு ஒருத்தராவது வாங்க, முகம் பாத்துப் பேசிடுங்க. உங்க வீட்டுல பாக்கி இருக்கற ரிப்பேர் ஒண்ணு ரெண்டு இருந்தா எழுதிக் கொண்டு வாங்க, நான் கிளம்பறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட கைல குடுத்துடலாம். வர முடியாதவங்க எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, அன்னைக்கு சாயங்காலம் அவரோட உங்க வீட்டுக்கே வரேன்.

படிச்சவங்க போர்ஷன் நம்பர் போட்டு 'ஓகே'ன்னு அனுப்பிடுங்க. பாட்டிக்கு மட்டும் நான் நேர்ல போயி படிச்சுக் காட்டிடறேன்.

விஜயா