செல்வி சிஸ்டருக்குப் பிறந்தநாள் வாழ்த்து

அன்புள்ள செல்வி சிஸ்டர்,

இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். அம்மா விடியற்காலையிலேயே மீனாட்சி அம்மன் சன்னதிக்குப் போய் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்துவிட்டார். நட்சத்திரம் தெரியாததால் பெயரை மட்டும் சொன்னாராம். அடுத்த வருஷத்துக்கு நட்சத்திரத்தைக் கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்.

நான் யாரென்று யோசிக்கிறீர்களா? போன வருஷம் பக்கவாதம் வந்து, உங்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் 23 நாள் இருந்தாரே, நீங்கள் 'வாத்தியாரய்யா' என்று கூப்பிடுவீர்களே, அவருடைய மூத்த மகள் மீனா.

உங்கள் பிறந்தநாள் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அப்பா அங்கே வந்த ஒன்பதாம் நாள் அது. நைட் டூட்டி முடிந்து கிளம்பும்போது ஒவ்வொரு கட்டிலாக சாக்லேட் கொடுத்துக்கொண்டே வந்தீர்கள். அப்பாவுக்கு அப்போது மூக்கில் குழாய். அவர் கண் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. "வாத்தியாரய்யா, உங்களுக்கு மட்டும் பாக்கி வச்சிருக்கேன். அடுத்த பிறந்தநாளுக்குள்ள நீங்களே பிரிச்சுச் சாப்பிடணும்" என்று சொல்லி, அந்தச் சாக்லேட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

அந்த நாட்களில் உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது, சிஸ்டர். இன்றைக்காவது சொல்லிவிடுகிறேன். அப்பா குழறிக் குழறித் தண்ணீர் கேட்பார். ஒரு வாய் கூடக் கொடுக்கக்கூடாது என்பீர்கள். இவ்வளவு கல்நெஞ்சா என்று வராந்தாவில் நின்று அழுதிருக்கிறேன். நீங்கள் வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, விழுங்குகிற தசை பலவீனமாக இருக்கும்போது தண்ணீர்தான் சட்டென்று மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், அது நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். அப்புறம் ஈரப் பஞ்சால் அப்பாவின் உதட்டையும் நாக்கையும் துடைத்துவிட்டீர்கள். மணிக்கு ஒரு தடவை வந்து துடைத்தீர்கள். அன்று நினைத்ததற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

அம்மா மறக்காதது வேறொன்று. அப்பா கண் திறக்காமல் கிடந்த முதல் இரண்டு நாளும், "ஐயா, ஊசி போடறேன், கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்", "ஐயா, வலது பக்கம் திருப்பறேன்" என்று ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்வீர்கள். அவருக்குக் கேட்குமா என்று அம்மா கேட்டதற்கு, "கேட்டாலும் கேட்காட்டியும் அவர் உடம்பும்மா, சொல்லிட்டுத்தான் தொடணும்" என்றீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவும் அதையே பழகிக்கொண்டார். "என்னங்க, துணி மாத்தறேன்" என்று சொல்லாமல் போர்வையைக் கூட விலக்க மாட்டார். கல்யாணமாகி 46 வருஷத்தில் அப்பாவிடம் அம்மா இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

டிஸ்சார்ஜ் அன்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தீர்களே, 6 மணி வலது, 8 மணி மல்லாக்க, 10 மணி இடது என்று, அது இன்னும் எங்கள் ஹாலில் ஆணியில் தொங்குகிறது. குழாயில் கஞ்சி ஊற்றும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், ஊற்றி முடித்த உடனே படுக்க வைக்கக்கூடாது, இடது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள் மூட்டு விலகிவிடும் என்பதெல்லாம் அதில் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. ராத்திரி அலாரம் வைத்துக்கொண்டு நானும் தம்பியும் முறை போட்டுத் திருப்பினோம். ஒரு படுக்கைப்புண் வரவில்லை, சிஸ்டர். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் முதுகைப் பார்த்துவிட்டு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னோம்.

குழாய் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. முதலில் மசித்த வாழைப்பழம், அப்புறம் குழைந்த சாதம், கடைசியாகத்தான் தண்ணீர். இப்போது வாக்கர் பிடித்து வாசல் திண்ணை வரை வருகிறார். இடது கை இன்னும் முழுசாக வரவில்லை. பேச்சு கொஞ்சம் இழுக்கிறது, ஆனால் பேரனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிற அளவுக்கு இருக்கிறது.

அந்தச் சாக்லேட்டை ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். பழசாகிவிட்டது, புதுசு வாங்கித் தருகிறேன் என்றால் அப்பா கேட்கவில்லை. இன்று காலை அர்ச்சனைக் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, காகிதத்தை இடது கையால் அமுக்கிப் பிடித்து, வலது கையால் பிரித்தார். கால் மணி நேரம் ஆனது. உதவிக்குப் போன அம்மாவை விரட்டிவிட்டார். வாயில் போட்டு முழுசாகக் கரைகிற வரைக்கும் பேசவே இல்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "தாயிக்குச் சொல்லிரு, பாக்கி தீர்ந்துச்சு" என்றார்.

சொல்லிவிட்டேன். அம்மா அதிரசம் சுட்டுக்கொண்டிருக்கிறார். இந்த வாரம் உங்களுக்குப் பகல் டூட்டியா, நைட்டா? சொன்னீர்கள் என்றால் அந்த நேரத்துக்குக் கொண்டுவருகிறோம். அப்பாவும் வருவேன் என்கிறார். உங்கள் வார்டுக்கு லிஃப்ட் இருக்கிறது, அதனால் கூட்டிக்கொண்டே வருகிறோம்.

அன்புடன்,
மீனா