முதல் மாதத்துக்கு இந்த ஐந்து பயிற்சிகள் போதும்

ஸ்லைடு 1
டம்பெல் வேண்டாம், மெஷின் வேண்டாம். ஒரு பாய், ஒரு சுவர், ஆடாத ஒரு நாற்காலி இருந்தால் தொடங்கலாம்.
வாரம் 3 நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

ஸ்லைடு 2: வார்ம்-அப், 5 நிமிடம்
நின்ற இடத்திலேயே நடை, தோள் சுழற்சி, இடுப்புச் சுழற்சி. லேசாக மூச்சு வாங்கினால் சரி.

ஸ்லைடு 3: நாற்காலி ஸ்குவாட், 8 முறை
நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கால்கள் தோள் அகலம், விரல்கள் சற்று வெளிப்பக்கம். முதலில் இடுப்பைப் பின்னால் தள்ளி, மெதுவாக இறங்குங்கள். இருக்கையைத் தொட்டதும் எழுங்கள். தொப்பென்று விழ வேண்டாம்.

ஸ்லைடு 4: ஸ்குவாட்டில் எங்கே தவறும்?
❌ முழங்கால்கள் உள்பக்கம் சாய்வது. கால்விரல் எந்தத் திசையோ, முழங்காலும் அந்தத் திசை.
❌ குதிகால் தூக்குவது.
முழங்கால் விரல் நுனியைத் தாண்டவே கூடாது என்று பலர் பயமுறுத்துவார்கள். கொஞ்சம் தாண்டினால் தப்பில்லை. வலி இருந்தால் மட்டும் ஆழத்தைக் குறையுங்கள், இருக்கையில் ஒரு தலையணை வையுங்கள்.

ஸ்லைடு 5: சுவர் புஷ்-அப், 8 முறை
கைகள் மார்பு உயரத்தில். முழங்கைகளை இருபுறமும் விரிக்காமல், உடலிலிருந்து 45 டிகிரி அளவில் வையுங்கள். தலை முதல் குதிகால் வரை ஒரே கோடு. தள்ளும்போது மூச்சை விடுங்கள். 12 முறை சுலபமாக வந்தால் கால்களைச் சற்றுப் பின்னால் வையுங்கள். தரைக்கு அவசரமே இல்லை.

ஸ்லைடு 6: க்ளூட் பிரிட்ஜ், 10 முறை
மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, குதிகாலை அழுத்தி இடுப்பைத் தூக்குங்கள். வேலை பிட்டத்தில் தெரிய வேண்டும். கீழ்முதுகு இறுகினால் அதிக உயரம் போய்விட்டீர்கள்.

ஸ்லைடு 7: பேர்ட் டாக், பக்கத்துக்கு 6 முறை
முட்டி போட்டு, கைகளை ஊன்றி, வலது கையும் இடது காலும் நீட்டுங்கள், பிறகு மாற்றுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது.

ஸ்லைடு 8: முட்டி ஊன்றிய பிளாங்க், 15 விநாடி
முழங்கை தோளுக்கு நேர் கீழே. மூச்சை அடக்காதீர்கள், குறிப்பாக ரத்த அழுத்தம் உள்ளவர்கள். இடுப்பு தொங்கினால் 9-வது விநாடியானாலும் நிறுத்துங்கள்.

ஸ்லைடு 9: எத்தனை சுற்று?
முதல் 2 வாரம் 2 சுற்று, அப்புறம் 3. சுற்றுக்கு இடையே 1 நிமிட ஓய்வு. எண்ணிக்கை முடியாமலே ஃபார்ம் கலைந்தால் அந்த செட் முடிந்தது. 8-ல் 5 தான் வந்ததா? அன்றைக்கு 5 போதும்.

ஸ்லைடு 10: வலியைப் பிரித்துப் பாருங்கள்
அடுத்த ஓரிரு நாள் தசை கனத்துப் பிடித்தால் இயல்பு. மூட்டில் சுருக்கென்று குத்தினால் அந்தப் பயிற்சியை விடுங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெறுங்கள். இதய நோய், கர்ப்பம், சமீபத்திய அறுவை சிகிச்சை என்றால் முதலில் டாக்டர், பிறகுதான் ஸ்லைடு 2.

சேவ் செய்து வையுங்கள். ஸ்குவாட்டைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்து அனுப்பினால், பார்த்துச் சொல்கிறேன்.