பொருள்: மருத்துவக் காப்பீட்டுக் கையேடு தமிழாக்கம் – கட்டணம் பற்றி

அன்புள்ள சுமதி மேடம்,

வணக்கம். திங்கட்கிழமை நீங்கள் அனுப்பிய கோப்பை முழுதாகப் படித்துவிட்டேன். இந்த வேலைக்கு என்னை நினைத்ததற்கு நன்றி. செய்ய மனசார விருப்பம் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன கட்டணத்தில், தமிழ்ச் சொல்லுக்கு 80 பைசா என்ற கணக்கில், என்னால் செய்ய முடியாது. காரணத்தையும் என் தரப்புத் தொகையையும் கீழே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளமான கடிதம்தான். அவசரமாக ஒரு எண்ணை மட்டும் எழுதி அனுப்ப மனம் வரவில்லை.

முதலில் கணக்கு. கையேட்டில் 18,400 ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. தமிழில் எண்ணினால் அது அப்படியே வராது. ஆங்கிலத்தில் நான்கைந்து சொல்லாக வருவது தமிழில் 'செலுத்தப்படாவிட்டால்' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். 'மருத்துவமனையிலிருந்து' என்பதும் ஒரு சொல்தான். மாதிரிக்காக உங்கள் கோப்பில் ஒரு பக்கத்தை மொழிபெயர்த்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 262 சொற்கள் இருந்த பக்கம் தமிழில் 187 சொற்களில் முடிந்தது. அந்தக் கணக்கில் முழுக் கையேடும் ஏறக்குறைய 13,100 தமிழ்ச் சொற்கள் வரும். 80 பைசா வீதம் 10,500 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே நிற்கும். ஆங்கிலச் சொல்லைக் கொண்டு பார்த்தால் 57 பைசா.

இந்த மாதிரி வாசகத்தில் ஒரு நாளைக்கு 2,000 ஆங்கிலச் சொல்லுக்கு மேல் நான் செய்வதில்லை. மொழிபெயர்க்க ஒன்பது நாள், மறுபடி உட்கார்ந்து மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட மூன்று நாள். பன்னிரண்டு நாள் உழைப்புக்கு 10,500 என்றால் ஒரு நாளைக்கு 875 ரூபாய். கரண்ட் பில், இன்டர்நெட், மென்பொருள் சந்தா எல்லாம் அதற்குள்தான்.

வேறு சிலர் 60 பைசாவுக்குக் கூடச் செய்கிறார்கள் என்று போனில் சொன்னீர்கள். செய்பவர்கள் இருக்கலாம், அவரவர் நிலைமை அவரவருக்கு. நான் சொல்ல வருவது இந்தக் கையேட்டைப் பற்றி மட்டும்தான். இதை யார், எந்த நேரத்தில் பிரித்துப் பார்ப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பில்லிங் கவுண்டர் முன்னால் நின்றுகொண்டு பார்ப்பார்கள்.

என் சித்தியின் கதையைச் சொல்கிறேன். கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் தன் பாலிசியின் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். 'குறிப்பிட்ட நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 24 மாதங்கள்' என்று அதில் இருந்தது. ஆபரேஷன் முடிந்து பணம் கைக்கு வர இரண்டு வருடம் ஆகும் போலிருக்கிறது, ஆனாலும் வந்துவிடும் என்று புரிந்துகொண்டார். வளையலை அடகு வைத்து 38,000 ரூபாய் கட்டினார். பாலிசி எடுத்துப் பதினான்காவது மாதம் அது. இன்னும் பத்து மாதம் பொறுத்திருந்தால் முழுத் தொகையும் கிடைத்திருக்கும். அந்தப் புத்தகத்தில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. சொல்லுக்குச் சொல் சரி. 'பாலிசி தொடங்கிய நாளிலிருந்து 24 மாதங்கள் முடியும்வரை கீழ்க்காணும் சிகிச்சைகளுக்குப் பணம் கிடைக்காது' என்று எழுதியிருந்தால் வளையல் கையில் இருந்திருக்கும். அப்படி எழுத, மொழிபெயர்ப்பவர் அந்த வரியில் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். 57 பைசாவில் யாராலும் நிற்க முடியாது.

உங்கள் கோப்பிலேயே இப்படி நிற்க வேண்டிய இடங்கள் நிறைய இருக்கின்றன. நான்காம் பகுதியின் தலைப்பை வழக்கமாக 'விலக்குகள்' என்று போடுவார்கள். வரி விலக்கு, கட்டண விலக்கு என்று கேட்டுப் பழகியவருக்கு விலக்கு என்றால் சலுகை. இங்கே பொருள் நேர் எதிர். நான் 'எவற்றுக்குப் பணம் கிடைக்காது' என்று போடுவேன். அதேபோல் கோ-பேமென்ட்டை 'இணைக் கட்டணம்' என்றால் ஏதோ கூடுதலாக வசூலிக்கிறார்கள் என்று தோன்றும். 'செலவில் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு' என்றால் சந்தேகமே வராது.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது அறை வாடகை பற்றிய பகுதி. ஐந்து லட்ச ரூபாய் பாலிசியில் நாளுக்கு ஒரு சதவீதம், அதாவது 5,000 ரூபாய் வரைதான் அறை வாடகை. ஒருவர் 8,000 ரூபாய் அறையில் சேர்ந்தால் மிச்சம் 3,000-ஐ மட்டும் கையிலிருந்து கட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உங்கள் கோப்பில் இருக்கும் விதிப்படி டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் எட்டில் ஐந்து பங்குதான் கிடைக்கும். அந்த வகைச் செலவு 1,20,000 என்றால் வருவது 75,000. 45,000 ரூபாய் குடும்பத்தின் தலையில் விழும். இதை 'விகிதாசாரக் கழிவு' என்று இரண்டு சொல்லில் எழுதிவிட்டுப் போகலாம், கழிவு என்றால் தள்ளுபடி என்று படிப்பவர் சந்தோஷப்படவும் கூடும். இந்தப் பகுதியைத்தான் மாதிரிக்குத் தேர்ந்தெடுத்தேன். இணைப்பில் இருக்கிறது, அதற்குக் கட்டணம் வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த, ஆனால் காப்பீடு பற்றி அதிகம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும், 8,000 ரூபாய் அறை எடுத்தால் என்ன ஆகும் என்று அவரிடம் கேளுங்கள்.

சரி, என் கட்டணம்.

ஆங்கிலச் சொல்லுக்கு 2 ரூபாய் 25 பைசா. எண்ணுவது மூலக் கோப்பில்தான். அப்படியென்றால் மொத்தத் தொகை இன்றைக்கே இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும், நான் வளவளவென்று எழுதினாலும் சுருக்கி எழுதினாலும் அது மாறாது. கோப்பில் 3,200 சொற்கள் ஏற்கெனவே வந்த வாக்கியங்களே திரும்ப வருபவை. அவற்றுக்கு ஒரு ரூபாய் போதும். மீதி 15,200 சொற்களுக்கு 34,200, திரும்ப வருபவைக்கு 3,200, ஆக 37,400 ரூபாய். ஜிஎஸ்டி கிடையாது. என் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழே என்பதால் நான் பதிவு செய்யவில்லை. அந்த 18 சதவீதம் உங்கள் செலவில் சேராது.

இதைக் குறைக்க ஒரு வழி உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. கடைசியில் நாடு முழுவதும் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகங்களின் முகவரிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டு வாசகருக்குச் சென்னை அலுவலகம்தான் தேவை. அதை மட்டும் தமிழில் கொடுத்துவிட்டு மற்றவற்றை ஆங்கிலத்திலேயே விட உங்கள் வாடிக்கையாளர் சம்மதித்தால் 1,500 சொற்கள் குறையும். தொகை 34,000-க்கு வந்துவிடும். இதை அவர்களிடம் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். வீண் செலவு அது.

பட்ஜெட் 25,000-ஐத் தாண்டவே தாண்டாது என்றால் இன்னொன்று செய்யலாம். முன்னால் உள்ள வாடிக்கையாளர் தகவல் தாள், எவற்றுக்குப் பணம் கிடைக்காது என்ற பகுதி, பணம் கோரும் முறை, இந்த மூன்றையும் மட்டும் இப்போது செய்து தருகிறேன். 9,600 சொற்கள், 21,600 ரூபாய். மீதியை அடுத்த காலாண்டில் பார்க்கலாம். முழுக் கையேட்டையும் அரைகுறையாகத் தருவதைவிட இந்த மூன்றையும் நன்றாகத் தருவது எனக்குச் சரியாகப் படுகிறது.

சொல்லுக்கான விலையை இதற்குக் கீழே கொண்டுபோக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தொடர்ந்து வேலை வரும் என்று சொன்னீர்கள், அது எனக்கும் சந்தோஷம்தான். காலாண்டுக்கு 40,000 சொற்கள் என்று எழுத்தில் கொடுத்தால் 2 ரூபாய் 10 பைசாவுக்கு வருகிறேன். எழுத்தில் இல்லாவிட்டால் வரும் வேலைக்கு இந்த விலைதான்.

நாட்கள் பற்றி. நீங்கள் கேட்ட எட்டு நாளில் இதை முடிக்க முடியாது. முன்பணம் வந்த நாளிலிருந்து 14 நாள் வேண்டும். முதல் இரண்டு நாளில் 60 முக்கியச் சொற்களின் பட்டியலை அனுப்புவேன். வாடிக்கையாளர் அதைப் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகு எழுதத் தொடங்கினால் கடைசி நேரத்தில் 'இந்தச் சொல் பிடிக்கவில்லை' என்ற பேச்சு வராது. ஒரு சுற்றுத் திருத்தம் இந்தத் தொகைக்குள் அடக்கம். ஒப்புதல் கொடுத்த சொல்லையே பிறகு மாற்றச் சொன்னால் மணிக்கு 500 ரூபாய்.

பக்க வடிவமைப்பு முடிந்ததும் அச்சுக்குப் போகும் முன் பிடிஎஃப்பை எனக்கு ஒருமுறை அனுப்புங்கள். வடிவமைப்பு மென்பொருளில் தமிழ் அமைப்பு சரியாக இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்துவிடும், தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது கண்ணில் படாது. இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. என் எழுத்து சிதைந்து வெளியே போவதை நான் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

பணம் 60 நாளில் என்று உங்கள் கோரிக்கையில் இருக்கிறது. நான் உத்யம் பதிவு உள்ள குறுந்தொழில். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. நான் கேட்பது 30 சதவீதம் முன்பணம், மீதி கோப்பு ஒப்படைத்த 30 நாளுக்குள். டிடிஎஸ் பிடித்தால் சான்றிதழை மறக்காமல் அனுப்பச் சொல்லுங்கள். போன வருடம் வேறொரு இடத்தில் அதற்காகவே ஆறு மாதம் அலைந்தேன்.

உங்கள் நிறுவனமும் மேலே ஒருவரிடம் விலை பேசி வாங்கியிருக்கும், நடுவில் நீங்கள் நின்று சமாளிக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை அப்படியே வாடிக்கையாளருக்கு அனுப்பினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. தேவைப்பட்டால் அவர்களோடு போனில் பேசவும் தயார்.

வியாழன் மாலைக்குள் முழுக் கையேடா, மூன்று பகுதிகள் மட்டுமா என்று சொல்லிவிட்டால் வெள்ளியன்றே சொற்பட்டியலைத் தொடங்கிவிடுவேன். அடுத்த திங்கள் முதல் இரண்டு வாரத்தை உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். வியாழன் தாண்டினால் காத்திருக்கும் இன்னொரு வேலைக்கு அந்த நாட்களைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
மல்லிகா
மதுரை

இணைப்பு: அறை வாடகைப் பகுதி, மாதிரி மொழிபெயர்ப்பு, ஒரு பக்கம்