அப்பா அம்மாவுக்கு, லேப்டாப் விஷயமாக

லாஸ்பேட்டை, புதுச்சேரி
6 ஜூலை 2025

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் இங்கு நலம். ஆயாவுக்கு முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? தம்பி பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறானா? ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி எழுதப் புதிதாக ஒன்றுமில்லை, போன வருஷத்து சாம்பார்தான் இந்த வருஷமும்.

விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை போனில் நான் ஆரம்பித்ததுமே "கேமிங் லேப்டாப்பா? உன்னைப் படிக்க அனுப்பினேனா, விளையாட அனுப்பினேனா?" என்று அப்பா கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் குக்கர் விசில், அதற்குள் முந்திரிக்கொட்டை எடை போட ஆள் வந்துவிட்டார், போன் கட். அதனால்தான் எழுதி, ஊருக்கு வரும் என் ரூம்மேட்டிடம் கொடுத்து அனுப்புகிறேன். கணக்கு காகிதத்தில் இருந்தால்தான் அப்பா நிதானமாகப் பார்ப்பீர்கள் என்பதும் ஒரு காரணம். முழுக்கப் படித்துவிட்டு வேண்டாம் என்றால் சரி.

முதலில், ஏன் இப்போது? மெக்கானிக்கலில் மூன்றாம் வருஷம் தொடங்கிவிட்டது. இதுவரை காகிதத்திலும் ஆட்டோகேடிலும் கோடு போட்டுக்கொண்டிருந்தோம், அதற்கு எந்தக் கம்ப்யூட்டரும் போதும். இனிமேல் சாலிட்வொர்க்ஸ், ஆன்சிஸ். முதலாவதில் ஒரு இயந்திரத்தின் ஒவ்வொரு பாகத்தையும் முப்பரிமாணத்தில் வரைந்து, நட்டு போல்ட்டு வரை கோர்த்து, திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். இரண்டாவதில் அந்தப் பாகத்தின் மேல் பாரம் ஏற்றினால் எங்கே வளையும், எங்கே உடையும் என்று கணக்குப் போடும். காலேஜ் லேபில் இதெல்லாம் இருக்கிறது. ஆனால் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர், சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவள் மவுஸைப் பிடித்திருந்தால் நான் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

போன செமஸ்டர் கடைசியில் ரூம்மேட்டின் லேப்டாப்பில் ஒரு கியர்பாக்ஸைத் திறந்து பார்த்தோம். நாற்பத்து நாலாயிரத்துக்கு வாங்கிய மெல்லிய லேப்டாப், பார்க்க அழகாக இருக்கும். கியர்பாக்ஸைத் திருப்ப மவுஸை இழுத்தால், படம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு ஒரேயடியாகத் தாவி வேறு பக்கம் போய் நின்றது. எந்தப் பல் எந்தப் பல்லோடு சேர்கிறது என்று பார்ப்பதற்குள் தலைகீழாகிவிட்டது. ஒரு பாகத்தை மாற்றிவிட்டு சேவ் கொடுத்தால் வெள்ளையாகி "Not Responding" என்று வரும். அவள் லேப்டாப்பில் எட்டு ஜிபி ராம். அதுவும் போர்டோடு பற்றவைத்தது, பிறகு கூட்டவே முடியாது.

கேமிங் லேப்டாப் என்று கடையில் விற்பதில் உள்ளே என்ன வித்தியாசம் என்று சொல்கிறேன். படம் வரைவதற்கென்றே அதில் தனியாக ஒரு சிப் இருக்கிறது, கிராபிக்ஸ் கார்டு என்பார்கள். அதற்கென்று சொந்தமாக நினைவகமும் உண்டு. மெல்லிய லேப்டாப்பில் அந்த வேலையையும் பிராசஸரே இழுக்க வேண்டும், ராமிலும் பங்கு கொடுக்க வேண்டும். அடுத்தது, பிராசஸர். பெயரின் கடைசியில் யு என்று இருந்தால் அது பெரும்பாலும் 15 வாட்டுக்காகச் செய்தது. எச் என்று இருந்தால் 45 வாட். ஆன்சிஸ் கணக்கு ஓடும்போது பிராசஸர் நிறைய நேரம் முழு வேகத்தில் ஓட வேண்டும், அப்போது சூடாகும். சூட்டை வெளியேற்ற இரண்டு ஃபேனும் செம்புக் குழாயும் இதில் இருக்கும். மெல்லியதில் அதற்கு இடமில்லை, அதனால் சூடு ஏறியதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த மென்பொருள்களுக்கென்றே சான்றிதழ் வாங்கிய வொர்க்ஸ்டேஷன் லேப்டாப் என்று ஒரு ரகம் உண்டு. அது லட்சத்துக்கு மேல், கம்பெனிக்காரர்கள் வாங்குவது. மாணவர்கள் போடும் அளவு வேலைக்கு கேமிங் ரகமே தாராளம் என்று எங்கள் லேப் சாரும் சொன்னார்.

நான் பார்த்து வைத்திருப்பது கோர் ஐ5 12450எச் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. விலை 64,000, ஜிஎஸ்டி சேர்த்து. இந்த ரகத்தில் இது கீழ்த்தட்டுதான். இதற்கு மேல் 4050, 4060 என்று எண்பதாயிரம், லட்சம் என்று போய்க்கொண்டே இருக்கும், அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை. இதில் ராமுக்கு இரண்டு ஸ்லாட், எஸ்எஸ்டிக்கும் இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறது. வேலைக்குப் போன பிறகு தேவைப்பட்டால் நானே வாங்கிப் போட்டுக்கொள்வேன்.

இதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன், பிறகு "முன்னாடியே ஏன் சொல்லலை" என்று வரக் கூடாது. எடை இரண்டே கால் கிலோவுக்கு மேல், சார்ஜர் மட்டும் அரைக் கிலோ வரும். பேட்டரி மூன்று, நான்கு மணி நேரம் தாங்கினால் அதிகம். பெரிய கணக்கு ஓடினால் ஃபேன் இரைச்சல் போடும். திரையின் நிறம் சுமார்தான். ஹாஸ்டலில் என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பிளக் பாயின்ட் இருப்பதால் பேட்டரி பெரிய பிரச்சினை இல்லை. தினமும் கிளாஸுக்குத் தூக்கிப்போகும் பொருளும் இல்லை.

பெரியப்பா வீட்டு அண்ணன் தன் பழைய லேப்டாப்பைத் தருகிறேன் என்றாராம். நல்ல மனசு, ஆனால் அது ஐந்தாம் தலைமுறை ஐ3, நாலு ஜிபி ராம். விண்டோஸ் 11 அதில் முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10-க்கு வரும் அக்டோபர் 14-ஓடு பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்தப் போகிறார்கள். தம்பிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், பாடம் பார்க்க உதவும். டெஸ்க்டாப் வாங்கினால் இதே காசுக்கு இன்னும் நல்லதாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் ரூமில் நாலு பேர், ஆளுக்கொரு சின்ன மேசை, ஒவ்வொரு லீவுக்கும் ரூமைக் காலி செய்ய வேண்டும். செகண்ட் ஹேண்ட் கேமிங் லேப்டாப் மட்டும் வேண்டவே வேண்டாம். எத்தனை வருஷம் சூட்டில் ஓடியது என்று யாருக்குத் தெரியும், வாரண்டியும் இருக்காது.

மாமா, "பாண்டியில்தான் எல்லாம் விலை குறைவாச்சே" என்கிறார். அது 2017-க்கு முந்தைய கதை. இங்கே வரி குறைவு என்று டிவி, ஃபிரிட்ஜ் வாங்க நம் ஊரிலிருந்து ஆட்கள் வந்தது அப்போது. ஜிஎஸ்டி வந்த பிறகு லேப்டாப்புக்கு இங்கேயும் 18 சதவீதம், பண்ருட்டியிலும் 18 சதவீதம். பில் இல்லாமல் குறைத்துக் கேட்கலாம் என்றும் சொன்னாராம். பில் இல்லாவிட்டால் வாரண்டிக்கு அலைய வேண்டியிருக்கும், அது வேண்டாம்.

இப்போது பணம். ஐம்பதாயிரத்துக்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று அப்பா சொன்னீர்கள். அம்மாவின் சீட்டுப் பணம் நாற்பதும் அப்பா தரும் பத்தும் சேர்ந்ததுதான் அந்த ஐம்பது என்று எனக்குத் தெரியும். மே மாத லீவில் டியூஷன் எடுத்ததும், முன்பே சேர்த்ததும் என் கணக்கில் 8,000 இருக்கிறது. ஆக 58,000. மீதி 6,000-ஐ அப்பா இப்போது போடுங்கள். மாதம் எனக்கு அனுப்பும் 2,500-இல் 500 குறைத்து, 2,000 அனுப்புங்கள். ஒரு வருஷத்தில் கழிந்துவிடும். கடைக்காரர் வட்டியில்லா தவணை என்பார், அதற்கும் பிராசசிங் கட்டணம், வட்டிக்கு ஜிஎஸ்டி என்று கார்டில் ஏறும். அது வேண்டாம். அம்மா, நீ செயினை அடகு வைக்கிறேன் என்று சொன்னாயே, அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதே.

தானே புயலில் முந்திரி மரமெல்லாம் போன பிறகு, விதை போட்டு வளர்க்கலாம், செலவு குறையும் என்று எல்லோரும் சொன்னபோது அப்பா விருத்தாசலத்திலிருந்து வி.ஆர்.ஐ. 3 ஒட்டுக்கன்று வாங்கி வந்தீர்கள். கன்றுக்குக் கொடுத்த காசுக்கு ஆயா எவ்வளவு திட்டினார் என்று இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். நான் கேட்பதும் அந்த மாதிரிக் கூடுதல் காசுதான். நாற்பத்து நாலாயிரத்துக்கு வாங்கி இரண்டே வருஷத்தில் புராஜெக்ட் சமயத்தில் இன்னொன்று வேண்டும் என்று வந்து நிற்க எனக்கு விருப்பமில்லை.

அப்புறம், விளையாடுவாயா என்று கேட்டால், விளையாடுவேன். விளையாடவே மாட்டேன் என்று எழுதினால் அம்மாவே நம்ப மாட்டாய். சனி, ஞாயிறு ராத்திரி ரூமில் எல்லோரும் சேர்ந்து கொஞ்ச நேரம் ஆடுவோம், பதினொரு மணிக்கு வார்டன் வைஃபையை நிறுத்திவிடுவார். மார்க் குறைந்தால் லேப்டாப்பை ஊருக்கு எடுத்துப் போய்விடுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். போன செமஸ்டரில் 8.1 வாங்கியதும் இதே ஹாஸ்டலில், இதே தோழிகளோடு இருந்துதான்.

அம்மா, ஆடியில் புதுச் சாமான் வேண்டாம் என்பாய். ஆடி 17-ஆம் தேதிதான் பிறக்கிறது. காலேஜ் திறக்கும் சமயத் தள்ளுபடியும் இப்போது ஓடுகிறது, 64,000 என்பது அதில் வந்த விலைதான். அதனால் அப்பா 12-ஆம் தேதி சனிக்கிழமை வந்தால் நல்லது. பஸ் ஸ்டாண்டில் நான் நிற்கிறேன். இரண்டு கடை விசாரித்து வைத்திருக்கிறேன், பேரம் பேசுவது உங்கள் பொறுப்பு. பெட்டியை நம் முன்னால்தான் பிரிக்க வேண்டும், சீரியல் நம்பரைப் போட்டு வாரண்டி தேதி அன்றைக்குத்தான் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும், ராம் எட்டும் எட்டுமாக இரண்டு துண்டாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரே துண்டாக இருந்தால் வேகம் குறையும்.

எல்லாம் படித்த பிறகும் ஐம்பதுதான் என்றால், என் எட்டாயிரத்தைச் சேர்த்து 58,000-க்குள் ஆர்டிஎக்ஸ் 2050 போட்ட ஒன்று இருக்கிறது, எட்டு ஜிபி ராம்தான் வரும். அதையே வாங்கிக்கொள்வோம், ராமை நான் பிறகு கூட்டிக்கொள்கிறேன். அதற்கும் கீழே மட்டும் போக வேண்டாம் அப்பா. வியாழக்கிழமைக்குள் போன் செய்து சொல்லுங்கள், அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் ரூமில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்,
கயல்விழி

பின்குறிப்பு: பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வர வேண்டாம். கடையில் யுபிஐயில் கட்டலாம், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் வரை போகும். உங்கள் பேங்கில் அதைவிடக் குறைவாக வைத்திருக்கிறார்களா என்று வெள்ளிக்கிழமையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டு தேய்த்தால் சில கடைகளில் இரண்டு சதவீதம் கூடக் கேட்கிறார்கள், அதனால் டெபிட் கார்டையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.