பொங்கல் முடிந்ததும் வீட்டுப்பாடம் மாறுகிறது

கோவில்பட்டி
9 ஜனவரி 2026

எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும், சாயங்காலம் நோட்டோடு மல்லுக்கட்டும் தாத்தா, பாட்டி, சித்தி, அத்தைகளுக்கும் வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் 19-ம் தேதி திங்கட்கிழமையிலிருந்து நம் பள்ளியில் வீட்டுப்பாடம் கொடுக்கும் முறையை மாற்றுகிறோம். இரண்டாம் வகுப்பு வரை எழுத்து வேலை எதுவும் வீட்டுக்கு வராது. மூன்றிலிருந்து ஐந்து வரை கொஞ்சமாக வரும். பிள்ளை டைரியில் ஒன்றும் இல்லாமல் வந்து நின்றால் எழுத மறந்துவிட்டது என்று திட்டிவிடாதீர்கள், அதற்காகத்தான் முதலிலேயே இதைச் சொல்கிறேன்.

ஏன் இப்படி என்று கேட்பீர்கள். அரையாண்டுத் தேர்வு நேரத்தில் மூன்றாம் வகுப்பு ஹோம் ஒர்க் நோட்டுகளை என் மேஜைக்கு வாங்கி ஒரு மத்தியானம் முழுக்கப் புரட்டினேன். அதில் ஒரு நோட்டில் ஏழாம் வாய்ப்பாடு பத்து தடவை எழுதியிருந்தது. பிள்ளைகள் அதை எப்படி எழுதும் என்று உங்களுக்கே தெரியும், நாமும் அப்படித்தான் எழுதினோம். முதலில் மேலிருந்து கீழ் வரை 7, 7, 7 என்று ஒரு வரிசை, அப்புறம் பெருக்கல் குறி ஒரு வரிசை, அப்புறம் 1, 2, 3, கடைசியில் மேலே இருக்கும் விடையைப் பார்த்து ஒரு காப்பி. அந்தப் பிள்ளை முதல் தடவையே 7 × 6 = 43 என்று எழுதியிருக்கிறது. பத்து தடவையும் 43. அடியில் சிவப்பு மையில் பெரிய டிக், தேதி, எங்கள் டீச்சரின் கையெழுத்து. பிள்ளை மேல் எனக்குக் கோபமே வரவில்லை. டீச்சரையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது, நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு மூன்று நோட்டு, நடுவில் ஒரு பீரியட் ஓய்வு, அதற்குள் எல்லாவற்றையும் படித்துப் பார்த்துத் திருத்துவது நடக்கிற காரியமில்லை, டிக் போடத்தான் நேரம் இருக்கும். ஆக பிள்ளை யோசிக்காமல் எழுதியது, நாங்கள் பார்க்காமல் டிக் போட்டோம், வீட்டில் நீங்கள் அதற்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இன்னும் சில நோட்டுகளில் ஒரே பக்கத்தில் இரண்டு கையெழுத்து இருந்தது. பாதிக்கு மேல் பிள்ளைக்குத் தூக்கம் வந்து அம்மா எழுதியது என்று பார்த்தாலே தெரிகிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்ல மாட்டேன். தீப்பெட்டி ஆபீஸில் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, சோறு வடித்து, ஒன்பது மணிக்கு மேல் நாலுகோடு நோட்டைத் திறக்கும் ஒருவரிடம் இது ஏன் என்று கேட்க எனக்கு வாய் வராது.

இதெல்லாம் எனக்குப் புதிதாகத் தோன்றிய யோசனையும் இல்லை. பாடநூலை ஒட்டிய வீட்டுப்பாடம் தொடக்கப் பள்ளிக்கு வேண்டாம் என்று 1993-லேயே யஷ்பால் குழு சொல்லிவிட்டது. 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டது. 2020-ல் மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்ட புத்தகப்பை கொள்கையும் அதையே சொல்லி, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம்தான் என்று கணக்கும் கொடுத்தது. ஒரு நாளைக்கு இல்லை, வாரத்துக்கு. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்ற ஆய்வாளர் பல வருட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பெரிய வகுப்புகளில் வீட்டுப்பாடத்தால் மதிப்பெண்ணில் தெரிகிற பலன் சின்ன வகுப்புகளில் கிட்டத்தட்ட இல்லை என்றுதான் வந்தது. இவ்வளவும் தெரிந்தும் நாங்கள் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்ததற்குக் காரணம் ஒன்றுதான். பக்கத்துப் பள்ளியில் நாலு பக்கம் கொடுத்தால் நாம் இரண்டு பக்கம் கொடுப்பது சோம்பேறித்தனமாகத் தெரியுமோ, அட்மிஷன் குறையுமோ என்ற பயம். அது எங்கள் தப்பு.

சரி, இனி என்ன நடக்கும்?

எல்.கே.ஜி., யு.கே.ஜி., ஒன்று, இரண்டு வகுப்புகளுக்கு எழுத்து வேலை கிடையாது, சனி ஞாயிறிலும் கிடையாது. கையெழுத்துப் பயிற்சியைக் காலையில் முதல் அரை மணி நேரம் வகுப்பிலேயே வைத்துக்கொள்கிறோம், பென்சிலைச் சரியாகப் பிடிக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்க டீச்சரால்தான் முடியும். மூன்று, நான்காம் வகுப்புகளுக்கு திங்கள், புதன், வெள்ளி மட்டும், இருபது நிமிட வேலை. ஐந்தாம் வகுப்புக்கு திங்கள் முதல் வியாழன் வரை அரை மணி நேரம், ஏனென்றால் ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகிறார்கள், அங்கே திடீரென்று திணறக் கூடாது.

இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடம்தான். கடிகாரத்தைப் பாருங்கள். நேரம் முடிந்தும் வேலை முடியவில்லை என்றால் எழுதிய இடத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு நீங்கள் கையெழுத்துப் போட்டு நோட்டை மூடிவிடுங்கள். மறுநாள் யாரும் பிள்ளையை நிற்க வைக்க மாட்டார்கள், சேர்த்து எழுதச் சொல்ல மாட்டார்கள். அந்தக் கோடுதான் டீச்சருக்கு உபயோகமான சேதி, எந்த இடத்தில் பிள்ளை சிக்கிக்கொள்கிறது என்று அதில் தெரிந்துவிடும். தயவுசெய்து நீங்கள் எழுதி முடிக்காதீர்கள், உங்களுக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியும் என்று எங்களுக்குத் தெரியும்.

வாய்ப்பாடு வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்குப் பத்து வரை தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும், இதில் எனக்குப் பழைய பிடிவாதம்தான். ஆனால் பத்து தடவை எழுதும் வேலை நிற்கிறது. அதற்குப் பதில் கடைக்குக் கூட்டிப் போகும்போது கேளுங்கள்: ஒரு பாக்கெட்டில் எட்டு கடலை மிட்டாய், ஆறு பாக்கெட் வாங்கினால் எத்தனை? ஐம்பது ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு? இதற்கு நோட்டு தேவையில்லை. வகுப்பிலும் வாய் வழியாகத்தான் கேட்கப் போகிறோம், வெள்ளிக்கிழமை தோறும், ஒவ்வொருவரையும்.

ப்ராஜெக்ட் விஷயமும் இதோடு முடிகிறது. போக்குவரத்து சாதனங்கள் ஒட்டி வா என்று நாங்கள் சொல்ல, நீங்கள் ராத்திரி எட்டு மணிக்குக் கடை தேடி ஓடி, பத்து ரூபாய் படத்தாள் வாங்கி வெட்டி ஒட்டி, மறுநாள் வகுப்பில் முப்பது பிள்ளைகள் ஒரே ரயிலைக் கொண்டுவந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தெர்மோகோல் வீட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். இனி செய்ய வேண்டியதை வகுப்பிலேயே செய்வோம், பொருளும் நாங்களே தருவோம்.

வீட்டில் நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று, எல்லா வகுப்புக்கும்: தினமும் பதினைந்து நிமிடம் வாசிப்பு. வெள்ளிக்கிழமை ஒரு கதைப் புத்தகம் பையில் வரும், அடுத்த வெள்ளி திருப்பித் தந்தால் போதும். ஓரம் கிழிந்தால் அபராதம் கிடையாது, புத்தகம் கிழியத்தான் செய்யும். தமிழா இங்கிலீஷா என்பது பிள்ளையின் விருப்பம். புத்தகம் பிடிக்கவில்லை என்றால் பேப்பர், பஸ் போர்டு, பிஸ்கட் பாக்கெட், எது வேண்டுமானாலும் வாசிக்கட்டும். எல்.கே.ஜி. பிள்ளைக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். உங்களுக்கு வாசிக்க வராது என்றால் கதை சொல்லுங்கள், அது குறைவான வேலை என்று நினைக்காதீர்கள். போன வருடம் ஒரு பாட்டி வகுப்புக்கு வந்து சொன்ன பேய்க் கதையைப் பிள்ளைகள் இன்னும் என்னிடம் சொல்லிக் காட்டுகிறார்கள்.

பை எடையும் குறையும். கடந்த மாதம் சில பைகளை நிறுத்துப் பார்த்தோம், இரண்டாம் வகுப்புப் பை ஒன்று தண்ணீர் பாட்டில் இல்லாமலே மூன்றே கால் கிலோ. 2018-ல் அரசு சொன்ன அளவு அந்த வகுப்புக்கு ஒன்றரை கிலோ. இனி வகுப்பு நோட்டுகள் பள்ளி அலமாரியிலேயே இருக்கும், டைரியும் அன்றைக்குத் தேவையான ஒரு நோட்டும் மட்டும் வீட்டுக்கு வரும்.

டியூஷன் பற்றிப் பல பேர் என்னிடம் வாசலில் வைத்தே கேட்டுவிட்டீர்கள். ஹோம் ஒர்க் முடிக்க மட்டும் அனுப்புகிறீர்கள் என்றால் இனி அதற்கு அவசியம் இருக்காது. வேலையிலிருந்து நீங்கள் வர ஏழு மணி ஆகும், அதுவரை பிள்ளை பத்திரமாக ஓர் இடத்தில் இருக்க வேண்டும் என்று அனுப்புகிறீர்கள் என்றால் அது வேறு விஷயம், அனுப்புங்கள். டியூஷன் எடுக்கும் அக்காக்களிடம் இந்தக் கடிதத்தைக் காட்டி, எழுத வைக்காமல் வாசிக்க வைக்கச் சொல்லுங்கள். பேச வேண்டும் என்றால் அவர்களையே என்னிடம் வரச் சொல்லுங்கள்.

ஹோம் ஒர்க் இல்லையென்றால் செல்போனைத்தானே பார்க்கும் என்ற கேள்விக்கு என்னிடம் மந்திரம் எதுவும் இல்லை. உண்மையான கவலைதான், என் வீட்டிலும் அதே கதை. ஆனால் போனுக்குக் காவலாக நாலு பக்கம் எழுத வைத்தால் பிள்ளைக்கு எழுதுவதுதான் வெறுக்கிறது, போன் வெறுப்பதில்லை. தெருவில் விளையாட விடுங்கள், தண்ணீர் பிடிக்கச் சொல்லுங்கள், பூண்டு உரிக்கச் சொல்லுங்கள்.

வாட்ஸ்ஆப் குரூப்பில் இனி வீட்டுப்பாடம் போட மாட்டோம். டைரியில் இருப்பதுதான் கணக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டீச்சர்கள் அதில் பதில் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கும் வீடு இருக்கிறது. உடம்பு சரியில்லை, அவசரம் என்றால் மட்டும் பள்ளி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

ஏப்ரல் தேர்வுக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி, ஐந்து கணக்கு வாய் வழியாகக் கேட்டுக் குறித்துக்கொள்வோம். அதே மாதிரி இந்த மாதமும் ஒரு தடவை குறித்து வைக்கிறோம். இரண்டையும் உங்களிடமே காட்டுவோம். பிள்ளைகள் பின்தங்கியிருந்தால் ஜூனில் இந்த முறையை மாற்றிக்கொள்ள எனக்கு வெட்கம் எதுவும் கிடையாது.

24-ம் தேதி சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு வகுப்பு வாரியாகப் பெற்றோர் கூட்டம். இதில் உடன்பாடு இல்லாதவர்கள் கட்டாயம் வாருங்கள். வேலை நாள், லீவு கிடைக்காது என்பவர்களுக்காக அன்றே சாயங்காலம் ஆறரை மணிக்கும் நான் பள்ளியில் இருப்பேன். கடிதத்தைப் படித்ததற்கு அடையாளமாக டைரியின் கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, ஜூனில் வாங்கிய ஹோம் ஒர்க் நோட்டுகளில் பாதிப் பக்கம் வெறுமையாக இருக்கும். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 19-ம் தேதி பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள், மீதிப் பக்கங்களில் அவர்களுக்குப் பிடித்ததை வரையவும் எழுதவும் வகுப்பிலேயே வைத்துக்கொள்கிறோம். அதில் யாரும் டிக் போட மாட்டோம்.

பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமை ஆசிரியை