பொருள்: ஜூலை 22 அன்று முடக்கப்பட்ட என் மின்னஞ்சல் கணக்கைத் திருப்பித் தரக் கோரி

சிவகாசி
28.07.2025

குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். சிவகாசியில் காலண்டர் வடிவமைக்கும் சிறிய டி.டி.பி. கடை நடத்துகிறேன். 2014 முதல் உங்கள் மின்னஞ்சலையும், அதோடு வரும் கோப்புச் சேமிப்பு வசதியையும் பயன்படுத்தி வருகிறேன். கூடுதல் இடத்துக்கு மாதாமாதம் பணமும் கட்டுகிறேன். கடந்த 22ஆம் தேதி காலை 11 மணி வாக்கில் "சந்தேகத்துக்குரிய செயல்பாடு" என்ற ஒற்றை வரியோடு கணக்கை முடக்கிவிட்டீர்கள். அன்றே மேல்முறையீட்டுப் படிவத்தை நிரப்பினேன். 24ஆம் தேதி வந்த பதில், எந்தச் செயல்பாடு என்று சொல்லாமல் அதே வரியைத் திருப்பிச் சொன்னது. அதை ஒரு மனிதர் படித்துவிட்டு எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அன்று நடந்தது இதுதான். 21ஆம் தேதி இரவு ரயிலில் சென்னை கிளம்பினேன். ஆண்டர்சன் தெருவில் காகித வியாபாரிகளைப் பார்க்க வேண்டியிருந்தது. வழியில் கைப்பேசி இணையத்தில் அஞ்சல் பார்த்தேன். காலையில் தங்கிய விடுதியின் வைஃபையில் மடிக்கணினி மூலம் உள்ளே நுழைந்தேன். அதே நேரத்தில் சிவகாசிக் கடைக் கணினியிலும் கணக்கு திறந்துதான் இருந்தது. என் மகன் அதில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். 10 மணிக்கு மேல், புதிய ஆல்பத்தின் பி.டி.எஃப். கோப்பை ஒரே தலைப்பில் 37 வாடிக்கையாளர்களுக்குத் தனித்தனியாக அனுப்பினேன். எல்லோரும் என்னிடம் ஏற்கெனவே காலண்டர் வாங்குகிறவர்கள். பாதிப் பேருடனாவது பல வருட அஞ்சல் போக்குவரத்து அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு ஊர்களில் ஒரே நேரத்தில் நுழைவு, புதிய இணைப்பு, ஒரே கோப்பு பலருக்கு: இவை சேர்ந்து உங்கள் கணினியை எச்சரித்திருக்கலாம். அது எனக்குப் புரிகிறது. கைப்பேசி நிறுவனங்கள் ஒரே ஐ.பி. முகவரியைப் பல பேருக்குப் பகிர்ந்து கொடுப்பதால், ஐ.பி.யை வைத்துக் காட்டப்படும் ஊர் பல நேரம் சரியாக இருப்பதில்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் விடுதியில் நுழைந்தபோது கேட்கப்பட்ட இரண்டாம் கட்டக் குறியீடு என் எண்ணுக்குத்தான் வந்தது, நான்தான் அதை இட்டேன். கடவுச்சொல் மாறவில்லை, மீட்பு எண்ணும் மாறவில்லை. கணக்கைத் திருடியவன் இப்படி நடந்துகொள்வானா? சந்தேகம் வந்தால் ஒரு சோதனை வைத்துக் கேட்பது நியாயம். கேட்காமலே கதவைச் சாத்துவதை என்னால் ஏற்க முடியாது.

இந்த நேரத்தில் இது எவ்வளவு பெரிய இடி என்பதையும் சொல்லியாக வேண்டும். சிவகாசியில் அடுத்த ஆண்டு காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது வழக்கம். இந்த ஆண்டு அது ஆகஸ்ட் 3, இன்னும் ஆறு நாள்தான். வாடிக்கையாளர்கள் ப்ரூஃபில் சொன்ன திருத்தங்கள், கடைப் பெயர், தொலைபேசி எண் எல்லாம் அந்த அஞ்சல் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. 11 வருட வடிவமைப்புகளும் அங்கேதான். ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, "திரும்ப அனுப்புங்கள்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிலர் என் கணக்கை யாரோ திருடிவிட்டதாக நினைத்து, நான் அனுப்பிய ஆல்பத்தைத் திறக்கவே பயப்படுகிறார்கள். வருடக்கணக்கில் சம்பாதித்த பெயர் அது.

ஆகவே, என் கணக்கின் பதிவுகளை உங்கள் ஊழியர் ஒருவர் நேரில் பரிசீலித்து, ஆகஸ்ட் 1ஆம் தேதிக்குள் கணக்கைத் திறக்க வேண்டும் என்று கேட்கிறேன். அதற்குள் முடியாது என்றால், என் அஞ்சல்களையும் கோப்புகளையும் பதிவிறக்கவாவது உடனே வழி செய்யுங்கள். அவை என் உழைப்பு. கணக்கு பற்றிய விசாரணை எவ்வளவு நாள் நடந்தாலும் அவற்றை நிறுத்தி வைக்கக் காரணம் இல்லை. மறுப்பதாக இருந்தால் எந்த விதியை, எந்தச் செயலால் மீறினேன் என்று குறிப்பாக எழுதுங்கள். பரிசீலனை முடியும்வரை எதையும் அழிக்கக் கூடாது.

2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப இடைநிலையாளர் விதிகளின்படி, இந்தப் புகாரை 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, 15 நாளுக்குள் தீர்க்க வேண்டியது உங்கள் கடமை. தீர்வு கிடைக்காவிட்டால் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் போவேன். அதுவரை போகாமல் முடிந்தால் இருவருக்கும் நல்லது.

அடையாள அட்டை நகல், கடைசி மூன்று மாதக் கட்டண ரசீதுகள், 22ஆம் தேதி விடுதி ரசீது, ரயில் பயணச்சீட்டு ஆகியவற்றை இணைத்துள்ளேன். முடக்கப்பட்ட கணக்கின் மீட்பு எண்ணில் காலை 9 முதல் இரவு 9 வரை எப்போது அழைத்தாலும் எடுப்பேன். அப்புறம், பதிலை முடக்கிய முகவரிக்கு அனுப்பிவிடாதீர்கள், என்னால் அதைத் திறக்க முடியாது; இந்த அஞ்சல் வரும் முகவரிக்கே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
செ. முருகேசன்